கவினுக்கு நாக்கு சொறிஞ்ச கதை

வெள்ளவத்தை மார்க்கெட்டால வந்த பேக்ல சேம்பங்கிழங்கு கிடந்துது, அம்மம்மா அங்கால திரும்பின நேரம் பார்த்து கவின் ஒரு துண்டை வெட்டி வாயில போட்டிட்டான், தேங்காய்ச் சொட்டு எண்டு நினைச்சானாம்!

"அம்மம்மா! நாக்கு சொறியுது, ஊசி குத்துது!"

"ஐயோ குஞ்சு, துப்பு துப்பு, வாயைக் கொப்பளி." பிறகு கொஞ்சம் தயிர் தீத்திவிட்டா.

"உண்மையாவே ஊசிதானடா. கிழங்குக்குள்ள கண்ணுக்குத் தெரியாத குட்டிக் குட்டி ஊசி கட்டுக்கட்டா இருக்கு, கல்சியம் ஒக்சலேட் எண்டு பேர். கடிச்சவுடன வெளிய வந்து நாக்கில குத்தும்."

"என்னத்துக்கு அதுக்கு ஊசி?"

"மாட்டுக்குக் கொம்பு இருக்கு, உனக்கு ஓட கால் இருக்கு. அது மண்ணுக்குள்ள ஒரே இடத்தில கிடக்குது, பூச்சியும் பண்டியும் தின்ன வந்தா வேற என்ன செய்யும்?"

கவின் யோசிச்சான். "அப்ப கறியில ஏன் குத்தேல்ல?"

"நல்லா அவிச்சு, தண்ணிய ஊத்திப்போட்டு, பழப்புளியும் விட்டுத்தானே சமைக்கிறனான். அரை அவியலா இறக்கினா உன்ர அம்மப்பாவும் இப்பிடித்தான் துள்ளுவார்."

அம்மப்பா பேப்பருக்குப் பின்னால இருந்து இருமினார்.