டி டிரைவ்

"நானே அடிச்சா பக்கத்துக்கு 50. நீயே அடிச்சா ஒரு மணிக்கு 30. பிரின்ட் 5 ரூபாய்," என்றார் பாஷா அண்ணன். கண் மட்டும் ஜெராக்ஸ் மெஷினை விட்டு எழவில்லை.

நந்தினி மனசுக்குள் கணக்குப் போட்டாள். காலையில் நைனா சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தது 100 ரூபாய். அதில் ரெஸ்யூம் 2 காப்பி, ஆதார் ஜெராக்ஸ், போட்டோ 4, நாளைக்குத் தடா வரைக்கும் ஷேர் ஆட்டோ.

"நானே அடிக்கிறேன் அண்ணா."

"மூணாம் நம்பர் சிஸ்டத்துல உக்காரு செல்லி. ஸ்பேஸ் பார் கொஞ்சம் இடிக்கும், பலமா அமுக்கு."

சூலூர்பேட்டை ஸ்டேஷன் ரோட்டில் மிச்சம் இருப்பது இந்த ஒரு பிரவுசிங் சென்டர்தான். மற்ற இரண்டும் செல்போன் ரிப்பேர் கடையாகிவிட்டன. இதுவும் ஜெராக்ஸ், லேமினேஷன், ரயில் டிக்கெட் என்றுதான் ஓடுகிறது. ஸ்ரீசிட்டியில் ஏதாவது கம்பெனி வாக்-இன் வைத்தால் அந்த இரண்டு நாள் மட்டும் வாசலில் செருப்பு நிறையும். இந்தமுறை செல்போன் பார்ட்ஸ் கம்பெனி. இன்டர், ஐடிஐ, டிகிரி, எதுவானாலும் சரி. 18 முதல் 28 வயது. காலை 9 மணிக்கு கேட் முன்னால் நிற்க வேண்டும்.

போனில் இரண்டு கட்டைவிரலால் கண் மூடி அடிக்கிறவள், கீபோர்டில் N எங்கே என்று தேடினாள். பத்து நிமிஷத்தில் பெயரும் பிறந்த தேதியும்தான் ஆனது. பெயரிலேயே ஒரு குழப்பம் வேறு. டென்த் மார்க் மெமோவில் முனுசாமி நந்தினி, ஆதாரில் நந்தினி எம். வீட்டில் தமிழ், ஸ்கூலில் தெலுங்கு, ஆக ஒரே ஆளுக்கு இரண்டு பெயர்.

"மெமோல இருக்கறதையே போடு. எச்ஆர் அதைத்தான் பாப்பாங்க," என்றார் பாஷா அண்ணன். பிறகு அவள் வேகத்தைப் பார்த்துப் பொறுமை போய், "டி டிரைவ்ல ரெஸ்யூம்னு ஒரு போல்டர் இருக்கு. பழசு ஏதாவது திறந்து பேரை மாத்திக்கோ. எல்லாரும் அப்படித்தான் செய்றாங்க. நான் எதையும் அழிக்கறதே இல்லை."

போல்டரைத் திறந்தால் ஊரே உள்ளே இருந்தது. `RESUME NEW`, `RESUME NEW2`, `final`, `final correct`, பக்கத்துத் தெரு ஹேமலதா, ரைஸ் மில் மேஸ்திரி மகன். இரண்டு மூன்றைத் திறந்து பார்த்தாள். எல்லாரும் ஒரே குரலில் சவால் நிறைந்த வேலையைத் தேடிக்கொண்டிருந்தார்கள். ஹேமலதாவின் பொழுதுபோக்கு கிரிக்கெட் என்றிருந்தது. யாருடையதை மாற்றினாளோ, அந்த வரியை மறந்திருக்கிறாள்.

இன்னும் கீழே போனாள். `M SUMATHI.doc`. தேதி 2016, மார்ச்.

ஊரில் சுமதி நிறைய பேர் இருப்பார்கள். திறந்தாள். அப்பா பெயர் முனுசாமி. அதே தெரு, அதே கதவு எண்.

அக்கா.

அக்கா இங்கே வந்திருக்கிறாள் என்றே யாருக்கும் தெரியாது. இன்டர் முடித்துவிட்டு இரண்டு வருஷம் ஜாக்கெட் தைத்தாள், அப்புறம் நாயுடுபேட்டையில் கல்யாணம் ஆனது. நந்தினிக்குத் தெரிந்த அக்கா கதை அவ்வளவுதான். அந்தக் காலத்தில் வீட்டில் 'நைட் ஷிப்ட்' என்று ஒரு வார்த்தை வந்ததும், நைனா சாப்பிட்ட தட்டைத் தள்ளிவிட்டு எழுந்ததும் மங்கலாக ஞாபகம் இருக்கிறது. அப்போது அவள் ஏழாங்கிளாஸ்.

மில்லில் மூட்டை தூக்கும் நைனாவின் தொழிலுக்கு நேரே அக்கா 'பிசினஸ்' என்று போட்டிருந்தாள். தாய்மொழி தமிழ். தெரிந்த மொழிகளில் தெலுங்கு முதலில். எதை எங்கே வைக்க வேண்டும் என்று அக்காவுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது.

குறிக்கோள் என்ற இடத்தில் மட்டும் மற்றவர்களின் வரி இல்லை. சொந்த இங்கிலீஷ். 'டு கெட் எ குட் ஜாப் அண்ட் டு ஸ்டடி மை சிஸ்டர்.'

நந்தினிக்குச் சிரிப்பு வந்தது. என்னைப் படிக்கிறாளாமா, நான் என்ன புஸ்தகமா? போட்டோ எடுத்து அனுப்பி ஓட்டலாம் என்று போனைக்கூட எடுத்துவிட்டாள். அப்புறம்தான் அந்த வரி தமிழில் கேட்டது. தங்கச்சியைப் படிக்க வைக்க.

போனைக் கீழே வைத்தாள். பி.காம். மூணு வருஷமும் தீபாவளிக்கும் சங்கராந்திக்கும் அக்கா வந்துபோகும்போது அவள் பையில் திணித்த நோட்டுகள் ஜாக்கெட் தைத்த காசு என்று தெரியும். ஏதோ பாசத்துக்குக் கொடுக்கிறாள் என்று நினைத்திருந்தாள்.

"இன்னும் இருபது நிமிஷம்தான் செல்லி," என்றார் பாஷா அண்ணன்.

அதே பைலில் வேலையை ஆரம்பித்தாள். சுமதியை அழித்து நந்தினி. டென்த் 2019. இன்டர் 2021, பரீட்சையே நடக்காத வருஷம், ஆனாலும் மார்க் இருக்கிறது. பி.காம். கம்ப்யூட்டர்ஸ், 2024. முகவரியில் தெருவும் ஊரும் அப்படியே இருக்க, நெல்லூர் மாவட்டம் என்பதை மட்டும் அழித்துத் திருப்பதி என்று அடித்தாள். வீடு நகரவில்லை, 2022-ல் மாவட்டம் நகர்ந்துவிட்டது. 'பிசினஸ்' என்ற இடத்தில் கொஞ்ச நேரம் கர்சர் துடித்தது. 'ரைஸ் மில் வொர்க்கர்' என்று மாற்றினாள். குறிக்கோளில் ஹேமலதாவின் சவால் வரியைக் கொண்டுவந்து ஒட்டினாள். முடிந்தது என்று Ctrl+S அமுக்கினாள்.

அமுக்கிய பிறகுதான் வயிறு கலங்கியது. மேலே பட்டையில் இன்னும் `M SUMATHI.doc` என்றே இருந்தது. பெயர் அக்காவுடையது, உள்ளே முழுக்க இவள்.

"அண்ணா, பழைய பைல் மேலயே சேவ் பண்ணிட்டேன். அது போயிடுச்சா?"

"பழசுதானே, போனா போவுது."

"எங்க அக்காது அண்ணா."

பாஷா அண்ணன் ஜெராக்ஸை நிறுத்திவிட்டு வந்தார். "மூடலியே? மூடாத வரைக்கும் பயமில்லை. Ctrl+Z. விடாம அமுக்கு."

அமுக்கினாள். சவால் வரி போய் ஸ்டடி மை சிஸ்டர் வந்தது. மில் போய் பிசினஸ் வந்தது. திருப்பதி நெல்லூரானது. 2024 மறைந்தது, 2021 மறைந்தது. கடைசியில் நந்தினி ஒவ்வொரு எழுத்தாகத் தேய்ந்து சுமதி வந்து நின்றாள், கல்யாணம் ஆகாத சுமதி, வயது 20.

"இப்ப சேவ் பண்ணு. பண்ணிட்டியா? இனி Ctrl+Y, உன்னுது திரும்ப வரும். அப்புறம் சேவ் ஆஸ், வேற பேர்."

மறுபடி எல்லாம் வரிசையாக வந்தன. `M NANDINI.doc`.

இரண்டு காப்பி எடுத்தார். பிறகு அவள் கேட்காமலே மூன்றாவதாக ஒரு தாள் வந்தது. பழைய பைல். அதற்கு அவர் காசு வாங்கவில்லை. வெளியே வந்து, கும்மிடிப்பூண்டி பக்கம் போகிற லோக்கலின் ஹார்ன் அடங்கும்வரை நின்றுவிட்டு போன் போட்டாள். அந்தப் பக்கம் தையல் மெஷின் சத்தம்.

"அக்கா, நீ பாஷா அண்ணன் கடைக்கு எப்ப வந்த?"

மெஷின் நின்றது. கொஞ்ச நேரம் ஒன்றுமே இல்லை.

"மூணாம் நம்பர் சிஸ்டத்துலயா உக்காந்த?" என்றாள் அக்கா. "ஸ்பேஸ் பார் இன்னும் இடிக்குதா?"