உப்புவெளிக் காணி: விற்பனை உடன்படிக்கையை நிறைவேற்றக் கோரும் சட்ட அறிவித்தல்

பதிவுத் தபாலில்
2025 ஜூலை 22

அனுப்புபவர்: ம. சுதாகரன், வித்தியாலயம் வீதி, திருகோணமலை
பெறுபவர்: திரு. செ. இராசநாயகம், நிலாவெளி வீதி, உப்புவெளி, திருகோணமலை

இராசநாயகம் ஐயா,

2025 மார்ச் 14ஆம் திகதி நொத்தாரிசு முன்னால் நீங்களும் நானும் கையெழுத்து வைத்த 1847ஆம் இலக்க விற்பனை உடன்படிக்கைப்படி, உப்புவெளிக் காணியை வருகிற ஆகஸ்ட் 6ஆம் திகதிக்குள் என் பெயருக்கு எழுதித் தரவேண்டும் என்று கேட்டு இந்த அறிவித்தலை அனுப்புகிறேன். என் சட்டத்தரணி வாசித்துப் பார்த்துச் சரி என்ற பிறகுதான் தபாலில் போடுகிறேன். ஆனால் எழுதியது நான்தான். அவருடைய பாணியில் வந்தால் யாரோ பயமுறுத்த அனுப்பிய காகிதம் என்று மேசையில் போட்டுவிடுவீர்கள்.

காணி எது என்பதில் நமக்குள் குழப்பம் இல்லை, இருந்தாலும் எழுதிவைக்கிறேன். நில அளவையாளரின் 2210ஆம் இலக்க வரைபடத்தில் துண்டு 3, பரப்பு 20 பேர்ச், வடக்கே ஒழுங்கை, கிழக்கே துண்டு 4, தெற்கே பனங்காணி, மேற்கே துண்டு 2. உங்கள் அம்மா 1996இல் தன் சீவிய உரித்தை வைத்துக்கொண்டு உங்களுக்கு நன்கொடை உறுதி முடித்துத் தந்த காணி அது. அம்மா காலமானதோடு அந்தச் சீவிய உரித்தும் முடிந்துவிட்டது. இன்றைக்கு அதன் ஒரே உரிமையாளர் நீங்கள். காணிப் பதிவகத்தில் என் சட்டத்தரணி தேடிப் பார்த்து எடுத்த பிரதிகளிலும் அப்படித்தான் இருக்கிறது.

விலை 62 இலட்சம் ரூபாய். பேசியது நீங்கள், நான் 58 என்று கேட்டேன், நீங்கள் இறங்கவில்லை, சரி என்று ஒத்துக்கொண்டேன். கையெழுத்து வைத்த அன்றைக்கே முற்பணம் 15 இலட்சம் தந்தேன். அதில் 10 இலட்சம் வங்கியூடாக உங்கள் கணக்குக்கு வந்தது, மிச்சம் 5 இலட்சத்தை நொத்தாரிசின் மேசையில் வைத்து நீங்களே எண்ணி எடுத்தீர்கள். அந்தத் தொகையைப் பெற்றுக்கொண்டதாக உடன்படிக்கையின் 3ஆம் பந்தியில் உங்கள் கையெழுத்தோடு இருக்கிறது, இரண்டு சாட்சிகளும் பக்கத்தில் இருந்தார்கள். மீதி 47 இலட்சத்தை ஜூலை 14ஆம் திகதிக்குள் தந்து உறுதி முடிப்பது என்பது 5ஆம் பந்தி.

4ஆம் பந்தியை நீங்கள் மறந்துபோனதுபோல் இருக்கிறது. 2019இல் இந்தக் காணியை ஈடு வைத்து எடுத்த வங்கிக் கடனில் ஏறக்குறைய 8 இலட்சம் பாக்கி இருந்தது, அதை நான் தரும் முற்பணத்திலிருந்து கட்டி ஈட்டை மீட்பதாக ஒத்துக்கொண்டீர்கள். கட்டினீர்கள். ஏப்ரல் 9ஆம் திகதி ஈடு மீட்டதும் பதிவாகிவிட்டது. ஆக, இன்றைக்கு அந்தக் காணி ஒரு கடனும் இல்லாமல் சுத்தமாக இருப்பதற்குக் காரணம் என் காசு. அதைக் காட்டித்தான் இப்போது இன்னொருவரிடம் 85 இலட்சம் பேசுகிறீர்கள். இந்த இடத்தில் எனக்கு எவ்வளவு எரிச்சல் வருகிறது என்று எழுதத் தொடங்கினால் கடிதம் நீண்டுவிடும், விட்டுவிடுகிறேன்.

ஜூலை 3ஆம் திகதி தொலைபேசியில் "தம்பி, விலை ஏறிப்போச்சு, இந்தக் காசுக்குத் தர ஏலாது" என்றீர்கள். ஐந்தாம் திகதி வாட்ஸ்அப்பில் கனடாவில் இருக்கும் மகன் விருப்பப்படவில்லை, முற்பணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தருகிறேன் என்று எழுதினீர்கள். அதற்கு அடுத்த கிழமை, நான்தான் மீதிக் காசுக்கு வழியில்லாமல் இழுத்தடிக்கிறேன் என்று சாட்சிகளில் ஒருவரிடமே சொல்லியிருக்கிறீர்கள். மூன்று காரணமும் மூன்று விதமாக இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்கிறேன்.

விலை ஏறியது என் பிழை இல்லை. இறங்கியிருந்தால் 62 இலட்சத்தைக் குறைத்துத் தருகிறேன் என்று நான் வந்திருந்தால் விட்டிருப்பீர்களா? விலையை நிறுத்திவைக்கத்தானே உடன்படிக்கை எழுதினோம். மகனுடைய சம்மதம் சட்டப்படி தேவையே இல்லை, காணி உங்கள் பெயரில் இருக்கிறது, உடன்படிக்கையில் அவர் ஒரு தரப்பும் இல்லை. பிள்ளையிடம் கேட்க வேண்டும் என்றால் மார்ச் மாதமே கேட்டிருக்க வேண்டும், அதுவும் காசை எண்ணுவதற்கு முதல்.

மூன்றாவதுதான் மோசம், அதனால் விளக்கமாகவே எழுதுகிறேன். என் வங்கி ஜூன் 18ஆம் திகதி 35 இலட்சம் கடனை அங்கீகரித்துக் கடிதம் தந்தது, மிச்சம் 12 இலட்சத்துக்கு என் சேமிப்பும் மனைவியின் நகை அடகு வைத்த காசும் இருந்தது. இவை தயார் என்று ஜூலை 9ஆம் திகதி உங்களுக்குப் பதிவுத் தபாலில் எழுதினேன், நீங்கள் கையெழுத்து வைத்து வாங்கிய அட்டை என்னிடம் திரும்பி வந்திருக்கிறது. ஜூலை 14ஆம் திகதி காலை உட்துறைமுக வீதியில் உள்ள நொத்தாரிசின் அலுவலகத்துக்கு 12 இலட்சத்துக்கான வங்கிக் கட்டளையோடும் கடன் கடிதத்தோடும் போய் மாலை வரை இருந்தேன். நீங்கள் வரவில்லை, தொலைபேசியையும் எடுக்கவில்லை. உறுதி தட்டச்சு செய்து கையெழுத்துக்குத் தயாராக இருந்தது. நான் வந்ததையும் நீங்கள் வராததையும் நொத்தாரிசு எழுத்தில் உறுதிப்படுத்தித் தந்திருக்கிறார். வாங்குகிறவன் தன் பங்கைச் செய்யத் தயாராக இருந்தானா என்பதுதான் இந்த மாதிரி வழக்கில் நீதிபதி முதலில் பார்ப்பது என்று சட்டத்தரணி சொன்னார். அதற்கு வேண்டிய காகிதங்கள் எல்லாம் கோப்பில் இருக்கின்றன.

இனிச் சட்டம். காணி விற்பதாகச் செய்யும் உடன்படிக்கை எழுத்தில் இருக்க வேண்டும், நொத்தாரிசும் ஒரே நேரத்தில் இரண்டு சாட்சிகளும் இருக்கக் கையெழுத்து வைக்க வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் 2ஆம் பிரிவு. நம்முடையது அப்படித்தான் முடிந்தது. வாய்ப்பேச்சு என்றோ கைத்துண்டு என்றோ சொல்லித் தப்ப முடியாது. மார்ச் மாதமே திருகோணமலைக் காணிப் பதிவகத்திலும் அது பதியப்பட்டுவிட்டது. 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்க ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்படி முதலில் பதிந்த ஆவணத்துக்கு என்ன மதிப்பு என்று உங்கள் சட்டத்தரணியிடம் கேட்டுப் பாருங்கள். 85 இலட்சம் தருகிற அந்த ஆளும் பதிவேட்டைத் தேடினால் முதலில் என் பெயரைத்தான் பார்ப்பார். அவருக்கு இதைச் சொன்னீர்களா என்று தெரியவில்லை, சொல்வது நல்லது.

நீங்கள் திரும்பத் திரும்பச் சொல்வது "முற்பணத்தைத் தந்துவிட்டால் முடிந்ததுதானே" என்பது. இல்லை ஐயா. நமது உடன்படிக்கையின் 7ஆம் பந்தியை ஒருமுறை வாசியுங்கள். விற்பவர் பின்வாங்கினால், உறுதியை முடித்துத் தரும்படி வாங்குபவர் வழக்குப் போடலாம், அல்லது கொடுத்த முற்பணத்தையும் அதே அளவு தொகையை நட்டஈடாகவும் கேட்கலாம், எது வேண்டும் என்று தெரிவு செய்வது வாங்குபவர் என்று அதில் இருக்கிறது. வாங்குபவர் நான். காசைத் தந்து விலகிக்கொள்ளும் உரிமை உங்களுக்கு அதில் எங்கேயும் இல்லை. அந்தப் பந்தியை வாசித்துக் காட்டியபோது "நான் ஏன் பின்வாங்கப் போறன்" என்று சிரித்ததும் நீங்கள்தான்.

என் தெரிவு காணி. எனவே ஆகஸ்ட் 6ஆம் திகதி, புதன்கிழமை, காலை 10 மணிக்கு அதே நொத்தாரிசின் அலுவலகத்துக்கு அடையாள அட்டை, மூல உறுதி, வரைபடம், ஈடு மீட்ட உறுதி, பிரதேச சபைக்குச் சோலைவரி கட்டிய பற்றுச்சீட்டு ஆகியவற்றோடு வந்து உறுதியில் கையெழுத்து வையுங்கள். மீதி 47 இலட்சமும் அப்போதே உங்கள் கைக்கு வரும்படி வங்கியோடு கதைத்து ஒழுங்கு செய்திருக்கிறேன். அந்தத் திகதி வசதியில்லை என்றால் அதற்கு முதல் எந்த வேலை நாளையும் எழுத்தில் சொல்லுங்கள், வருகிறேன். பிந்த முடியாது, ஏனென்றால் வங்கியின் அங்கீகாரம் ஆகஸ்ட் 31ஆம் திகதியோடு முடிகிறது, அது தவறினால் புதிதாக விண்ணப்பிக்கும் செலவும் கூடுதல் வட்டியும் உங்கள் கணக்கில் சேரும். அதுவரை காணியை வேறு யாருக்கும் விற்கவோ, ஈடு வைக்கவோ, குத்தகைக்குக் கொடுக்கவோ, எல்லை வேலியை மாற்றவோ வேண்டாம்.

வராவிட்டால் திருகோணமலை மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போடுவேன். உடன்படிக்கையை அப்படியே நிறைவேற்றும்படி கட்டளை கேட்பேன், நீங்கள் அதற்கும் கையெழுத்து வைக்க மறுத்தால் உங்களுக்குப் பதிலாக நீதிமன்றப் பதிவாளர் உறுதியில் கையெழுத்திடும்படி கேட்பேன், வழக்கு முடியும்வரை காணியைக் கைமாற்றாமல் இடைக்காலத் தடை கேட்பேன், வழக்கு நிலுவையில் இருப்பதையும் காணிப் பதிவகத்தில் பதிவேன். ஏதாவது ஒரு காரணத்தால் காணியை எழுதித் தரும்படி நீதிமன்றம் சொல்லாவிட்டால், மாற்றாக 7ஆம் பந்திப்படி முற்பணம் 15 இலட்சமும் நட்டஈடு 15 இலட்சமும், மொத்தம் 30 இலட்சம், சட்ட வட்டியோடும் வழக்குச் செலவோடும் கேட்பேன். இதுவரை நில அளவைக்கு 38,000, பதிவகத் தேடுதலுக்கு 25,000, வங்கி மதிப்பீட்டுக்கு 22,500 என்று 85,500 ரூபாய் செலவாகியிருக்கிறது, நகை அடகு வட்டி ஓடிக்கொண்டே இருக்கிறது, உங்கள் தாமதத்தால் வந்த இந்த நட்டத்தையும் வழக்கில் காட்டுவேன்.

எழுத்திலான உடன்படிக்கைக்கு வழக்குப் போட ஆறு வருட காலம் இருக்கிறது என்று யாராவது உங்களுக்குச் சொல்லி ஆறுதல்படுத்தலாம். நான் அவ்வளவு நாள் இருக்க மாட்டேன். ஆகஸ்ட் 6 தாண்டினால் அடுத்த வேலை நாளே சட்டத்தரணி கோப்பை எடுப்பார்.

பொலிசுக்குப் போகச் சொல்லிச் சிலர் சொன்னார்கள். போகவில்லை, இது சிவில் விசயம். ஆனால் என்னிடம் முற்பணம் வாங்கும்போதே வேறு யாரிடமாவது இதே காணிக்குக் காசு வாங்கியிருந்தீர்கள் என்று தெரியவந்தால் அப்போது யோசிக்க வேண்டிவரும்.

பதிலை எழுத்தில் மட்டும் தாருங்கள். தெரிந்தவர்களைத் தூது அனுப்ப வேண்டாம், போன கிழமை வந்தவருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டேன், அவரோடு எனக்குப் பிரச்சினை ஒன்றும் இல்லை. முற்பணத்தில் ஒரு பகுதியை என் கணக்கில் போட்டுவிட்டு விசயம் தீர்ந்தது என்று நினைக்கவும் வேண்டாம். அப்படி ஏதும் வந்தால் உடன்படிக்கை முடிந்ததாக நான் ஏற்றுக்கொண்டேன் என்று அர்த்தமில்லை, அந்தக் காசை அப்படியே உங்கள் கணக்குக்குத் திருப்பிவிடுவேன்.

இந்தக் கடிதத்தில் எழுதாமல் விட்ட எந்த உரிமையையும் நான் கைவிடவில்லை.

இப்படிக்கு,
ம. சுதாகரன்
(கையொப்பம்)

இத்துடன் இணைத்தவை: 1847ஆம் இலக்க உடன்படிக்கையின் பிரதி, 10 இலட்சம் அனுப்பிய வங்கிச் சீட்டு, ஜூன் 18ஆம் திகதிய கடன் அங்கீகாரக் கடிதம், ஜூலை 9ஆம் திகதிய கடிதமும் தபால் அட்டையும், ஜூலை 14ஆம் திகதி பற்றி நொத்தாரிசு தந்த கடிதம், ஜூலை 5ஆம் திகதிய வாட்ஸ்அப் செய்தியின் அச்சுப் பிரதி.

பிரதி: எனது சட்டத்தரணிக்கும் உடன்படிக்கையை அத்தாட்சிப்படுத்திய நொத்தாரிசுக்கும்.