ஒளிமின் விளைவு: கோட்டைப் படித்து விடை எடுக்கும் கணக்குகள் (மேல்நிலை இரண்டாம் ஆண்டு)

ஒவ்வொரு வினாவையும் முதலில் நீங்களே போட்டுப் பாருங்கள், பிறகு விடைக்குப் போங்கள். வரைபடத்தாள், ஸ்கேல், நன்றாகச் சீவிய பென்சில் பக்கத்தில் இருக்கட்டும். எல்லாக் கணக்குக்கும் e = 1.6 × 10⁻¹⁹ C, c = 3 × 10⁸ m s⁻¹.

மனதில் இருக்க வேண்டியது ஒரே ஒரு சமன்பாடு:

eV₀ = hν − φ

இரு பக்கமும் e-ஆல் வகுத்தால்

V₀ = (h/e) ν − φ/e

கணக்குப் பாடத்தில் படித்த y = mx + c தான் இது. சாய்வு h/e. கோடு x அச்சை வெட்டும் இடம் பயன்தொடக்க அதிர்வெண் ν₀. y அச்சை வெட்டும் இடம் −φ/e. இதை எல்லோரும் ஒப்பித்துவிடுகிறீர்கள். மதிப்பெண் போவது வேறு இடத்தில்: அச்சில் என்ன எழுதியிருக்கிறது, அது எந்த எண்ணில் தொடங்குகிறது என்று பார்க்காமலே கோட்டுக்குத் தாவிவிடுகிறீர்கள். வரைபடம் கைக்கு வந்ததும் முதல் அரை நிமிடம் அச்சுகளுக்குத்தான்.

வினா 1. பாதரச ஆவி விளக்கின் ஐந்து நிறமாலை வரிகளை ஒரு உலோகத்தின் மீது விழச் செய்து, நிறுத்து மின்னழுத்தம் அளக்கப்பட்டது.

λ (nm): 577, 546, 436, 405, 365
ν (10¹⁴ Hz): 5.20, 5.49, 6.88, 7.41, 8.22
V₀ (V): 0.29, 0.40, 0.99, 1.21, 1.53

x அச்சை 4.0 × 10¹⁴ Hz-இல் தொடங்கி வரைபடம் வரைக. பயன்தொடக்க அதிர்வெண், பிளாங்க் மாறிலி, வெளியேற்று ஆற்றல் ஆகியவற்றைக் காண்க.

விடை: ஐந்து புள்ளிகளும் ஒரே கோட்டில் அச்சடித்ததுபோல் விழாது. 436, 405 nm புள்ளிகள் கோட்டுக்கு ஒரு நூல் மேலேயும், 546, 365 nm புள்ளிகள் ஒரு நூல் கீழேயும் நிற்கும். புள்ளிகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து வளைத்து வரையாதீர்கள். இரு பக்கமும் சமமாகப் புள்ளிகள் விழும்படி ஒரே நேர்கோடு போட்டு, கீழ்நோக்கி நீட்டுங்கள்.

அந்தக் கோடு x அச்சை 4.5-இல் தொடுகிறது.

ν₀ = 4.5 × 10¹⁴ Hz

சாய்வுக்கு, அட்டவணைப் புள்ளிகளை எடுக்காமல், கோட்டின் மீதே ஒன்றுக்கொன்று தள்ளியிருக்கும் இரு இடங்களை எடுங்கள். (4.5, 0), (8.5, 1.66) என்று வைப்போம்.

சாய்வு = (1.66 − 0) / ((8.5 − 4.5) × 10¹⁴) = 4.15 × 10⁻¹⁵ V s

h = 1.6 × 10⁻¹⁹ × 4.15 × 10⁻¹⁵ = 6.64 × 10⁻³⁴ J s

10¹⁴-ஐ விட்டுவிட்டு சாய்வு 0.415 என்று எழுதிய விடைத்தாள்களை ஒவ்வொரு ஆண்டும் திருத்துகிறேன். அச்சில் போட்டிருக்கும் 10-இன் அடுக்கையும் சேர்த்தே எழுதிப் பழகுங்கள்.

இனி வெளியேற்று ஆற்றல். இந்தக் கணக்கின் உயிர் இங்கேதான் இருக்கிறது. கோட்டை இன்னும் இடப்பக்கம் நீட்டினால், தாளில் வரைந்திருக்கும் செங்குத்து அச்சை −0.21 V-இல் வெட்டும். உடனே φ = 0.21 eV என்று எழுதத் தோன்றும். அது தவறு. அந்தச் செங்குத்துக் கோடு நிற்பது ν = 4.0 × 10¹⁴ Hz-இல்; ν = 0 தாளிலேயே இல்லை. y வெட்டுத்துண்டு −φ/e ஆவது ν = 0 இருக்கும் இடத்தில் மட்டும்தான். எனவே சாய்வையும் ν₀-ஐயும் பெருக்க வேண்டும்:

φ/e = 4.15 × 10⁻¹⁵ × 4.5 × 10¹⁴ = 1.87 V

φ = 1.87 eV = 2.99 × 10⁻¹⁹ J

0.21 எங்கே, 1.87 எங்கே! பெரும்பாலான உலோகங்களின் வெளியேற்று ஆற்றல் 2 முதல் 6 eV வரைதான். மிகக் குறைவான சீசியத்துக்கே ஏறக்குறைய 2 eV இருக்கிறது. விடை அதற்குப் பத்தில் ஒரு பங்காக வந்தால், அச்சின் தொடக்கத்தைத் திரும்பிப் பாருங்கள்.

இந்தச் சாய்வுக்கு ஒரு வரலாறும் உண்டு. ஐன்ஸ்டீன் 1905-இல் இந்தச் சமன்பாட்டை எழுதியபோது, கோடு நேராகத்தான் வரும் என்று காட்டும் அளவுக்குத் துல்லியமான அளவீடு யாரிடமும் இல்லை. மில்லிகன் ஆண்டுக்கணக்கில் உழைத்தார். காற்றுப் பட்டால் கெட்டுப்போகும் சோடியம், லித்தியம் போன்ற உலோகங்களை வெற்றிடக் குழாய்க்கு உள்ளேயே கத்தியால் சீவி, புதுப் பரப்பில் அளந்தார். 1916-இல் அவர் வெளியிட்ட h மதிப்பு 6.57 × 10⁻³⁴ J s. இன்றைய மதிப்புக்கு ஒரு விழுக்காட்டுக்குள். ஒளித்துகள் கருத்தையே அப்போது நம்பாதவர் அவர். ஆனாலும் கோடு நேராகத்தான் வந்தது, அதை அப்படியே வெளியிட்டார்.

வினா 2. V₀-க்கும் 1/λ-க்கும் வரைந்த நேர்கோடு (2.0 × 10⁶ m⁻¹, 0), (4.0 × 10⁶ m⁻¹, 2.48 V) வழியாகச் செல்கிறது. ν₀, h, φ காண்க.

விடை: x அச்சில் இருப்பது அதிர்வெண் அன்று. ν = c/λ என்பதால் சமன்பாடு V₀ = (hc/e)(1/λ) − φ/e என்று மாறுகிறது; சாய்வு இப்போது hc/e.

சாய்வு = 2.48 / (2.0 × 10⁶) = 1.24 × 10⁻⁶ V m

h = (1.6 × 10⁻¹⁹ × 1.24 × 10⁻⁶) / (3 × 10⁸) = 6.61 × 10⁻³⁴ J s

x அச்சை வெட்டும் இடம் 1/λ₀. ஆகவே λ₀ = 500 nm, ν₀ = c/λ₀ = 6.0 × 10¹⁴ Hz.

φ/e = 1.24 × 10⁻⁶ × 2.0 × 10⁶ = 2.48 V; φ = 2.48 eV.

அலகைப் பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும். V s என்றால் h/e, V m என்றால் hc/e.

வினா 3. பெரும இயக்க ஆற்றல் (eV), அதிர்வெண் வரைபடத்தில் A, B என்ற இரு உலோகங்களின் கோடுகள் x அச்சை முறையே 4.5 × 10¹⁴ Hz, 10.0 × 10¹⁴ Hz-இல் வெட்டுகின்றன. (அ) கோடுகள் ஏன் இணையாக உள்ளன? (ஆ) 8.0 × 10¹⁴ Hz ஒளியில் எது எலக்ட்ரானை உமிழும்? (இ) 12.0 × 10¹⁴ Hz-இல் இரண்டின் நிறுத்து மின்னழுத்தம் என்ன? h = 4.14 × 10⁻¹⁵ eV s.

விடை: (அ) சாய்வு h, அது எந்த உலோகத்துக்கும் ஒன்றே. உலோகம் மாறினால் கோடு நகரும், சாயாது.

(ஆ) A மட்டும். B-யின் கோடு அங்கே அச்சுக்குக் கீழே, புள்ளிக்கோடாக இருக்கிறது. அந்தப் பகுதி வெட்டுத்துண்டைக் காண நாம் நீட்டியது. அங்கே எலக்ட்ரானே வெளிவருவதில்லை.

(இ) A: 4.14 × 10⁻¹⁵ × 7.5 × 10¹⁴ = 3.11 eV, எனவே V₀ = 3.11 V.
B: 4.14 × 10⁻¹⁵ × 2.0 × 10¹⁴ = 0.83 eV, எனவே V₀ = 0.83 V.

இயக்க ஆற்றல் eV-இல் இருந்தால், அதே எண்தான் வோல்ட்டில் V₀. மறுபடி 1.6 × 10⁻¹⁹-ஆல் பெருக்க வேண்டாம்.

வினா 4. வினா 1-இல் விளக்கின் ஒளிச்செறிவை இரு மடங்காக்கினால் கோடு எப்படி மாறும்?

விடை: மாறாது. ஒளி மின்னோட்டம் இரு மடங்காகும். ஆனால் ஒவ்வொரு ஃபோட்டானின் ஆற்றலும் முன்பிருந்த அதே hν.

வினா 5. வினா 2-இல் உள்ள அதே உலோகத்துக்கு V₀-ஐ λ-வுக்கு எதிராக வரைந்தால் சாய்விலிருந்து h கிடைக்குமா? λ = 400 nm-இல் V₀ என்ன?

விடை: இங்கே கிடைப்பது வளைகோடு, இடத்துக்கு இடம் சாய்வு மாறும், அதனால் ஒரே சாய்வை எடுத்து h காண முடியாது. அது x அச்சை வெட்டும் இடம் மட்டும் நேராகவே பயன்படும்: λ₀ = 500 nm. 400 nm-க்கு

V₀ = (1.24 × 10⁻⁶) / (400 × 10⁻⁹) − 2.48 = 3.10 − 2.48 = 0.62 V