நிலுவைத் தொகைக்குத் திருத்திய தீர்வு: ரூ.7,44,000-க்குப் பதிலாக ஒரே தவணையில் ரூ.5,28,000

அனுப்பர்பாளையம், திருப்பூர்
10.11.2025

அன்புள்ள அண்ணா,

வணக்கம். செப்டம்பர் 18 அன்று நான் அனுப்பிய கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். 15 நாளில் ரூ.6,00,000 கட்ட வேண்டும், தவறினால் நடவடிக்கை என்று அதில் எழுதியிருந்தேன். 11 ஆண்டுகளாக எங்களிடம் அட்டைப்பெட்டி வாங்கும் உங்களுக்கு அப்படி எழுதியிருக்கக் கூடாது. 2020 ஏப்ரலில் ஊரே அடைந்து கிடந்தபோது, கெடு வராத பில்லுக்கு ரூ.75,000 அனுப்பி, "முதலில் ஆட்களுக்குக் கூலி கொடு தம்பி" என்று சொன்னவர் நீங்கள். அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடும்போது எனக்கு அது நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

தீபாவளிக்குப் பிறகு நேரில் பேசியபோது, மாதம் ரூ.35,000 வீதம் பத்து மாதத்தில் ரூ.3,50,000 தருவதாகச் சொன்னீர்கள். அன்று பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். வீட்டில் உட்கார்ந்து பழைய பில்களையும் கொள்முதல் கணக்கையும் ஒன்றாக வைத்துப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன்.

2023 ஆகஸ்ட் முதல் 2024 ஜனவரி வரை போட்ட ஐந்து பில்களின் மதிப்பு ரூ.8,00,000. 18 சதவீத ஜிஎஸ்டி ரூ.1,44,000 சேர்த்து ரூ.9,44,000. நீங்கள் 2024 மார்ச்சில் ரூ.1,50,000, அக்டோபரில் ரூ.50,000 கொடுத்தீர்கள். மீதி ரூ.7,44,000. இதுவரை உங்கள் கணக்கும் என் கணக்கும் ஒத்துப்போகின்றன.

அந்தப் பெட்டிகளைச் செய்ய என் கையை விட்டுப் போன பணம் இது: கிராஃப்ட் பேப்பர் ரீலுக்கு ரூ.4,10,000; பசை, பின் கம்பி, அச்சுத் தகடு, மை ஆகியவற்றுக்கு ரூ.58,000, கூலியும் மின்சாரமும் ரூ.92,000, வண்டி வாடகை ரூ.24,000. ஆக மொத்தம் ரூ.5,84,000. ஜிஎஸ்டி ரூ.1,44,000-ஐ நீங்கள் பணம் தருவதற்கு முன்பே நான் கட்டிவிட்டேன். அது அரசின் பணம், அதைத் தள்ளுபடி செய்ய எனக்கு வழியில்லை. 2023-24 பில்களுக்கு வரியைக் குறைத்துக் கிரெடிட் நோட் போடும் கெடுவும் 2024 நவம்பர் 30-உடன் முடிந்துவிட்டது. இரண்டும் சேர்ந்து ரூ.7,28,000. அதில் நீங்கள் தந்த ரூ.2,00,000 போக ரூ.5,28,000 நிற்கிறது.

அந்த ரூ.5,28,000-ஐ மட்டும் கொடுங்கள் அண்ணா. மீதி ரூ.2,16,000-ஐ விட்டுவிடுகிறேன். இந்த ஐந்து பில்லில் எனக்குக் கிடைக்க வேண்டிய லாபமும், அலுவலகச் செலவும், இயந்திரத் தேய்மானமும் அந்தத் தொகைக்குள்தான் இருந்தன. அதற்குக் கீழே ஒவ்வொரு ரூபாயும் என் முதலிலிருந்து போகும். ரூ.3,50,000-க்கு என்னால் இறங்க முடியாததன் காரணம் இதுதான். உங்கள் நெருக்கடி எனக்குத் தெரியாமல் இல்லை. ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டதில் உங்கள் ஆர்டர்கள் நின்றதையும், அந்த நிலையிலும் தீபாவளி போனஸை நீங்கள் குறைக்காததையும் அறிவேன்.

2023 டிசம்பரில் ஈரம் ஏறி வந்த 1,200 பெட்டிகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அப்போது நான் அதை ஏற்கவில்லை. தார்ப்பாய் சரியாகக் கட்டாமல் அனுப்பியது எங்கள் தவறு என்று வண்டி ஓட்டிய தம்பியே பிறகு சொன்னான். பெட்டி ரூ.38 வீதம் அதன் மதிப்பு ரூ.45,600. அந்தக் கழிவும் இந்த ரூ.2,16,000-க்குள்ளேயே அடங்கட்டும், தனியாக வேண்டாம்.

தவணையாக அல்லாமல் ஒரே தொகையாகக் கேட்பதற்குக் காரணம் உண்டு. பேப்பர் ரீல் தரும் வியாபாரிக்கு டிசம்பர் 5-க்குள் பழைய பாக்கியைத் தீர்க்காவிட்டால் கடனுக்குச் சரக்கு இல்லை என்று சொல்லிவிட்டார். ரீல் இல்லாமல் தொழிற்கூடம் ஓடாது. மாதம் ரூ.35,000 வந்தால் அது வங்கி வட்டிக்கே போய்விடும். ஆகவே 2025 நவம்பர் 28, வெள்ளிக்கிழமை மாலைக்குள் ரூ.5,28,000 முழுவதும் எங்கள் நடப்புக் கணக்குக்கு ஆர்.டி.ஜி.எஸ். மூலம் வந்து சேர வேண்டும். பில்லில் அச்சிட்டுள்ள அதே கணக்குதான், எண் மாறவில்லை. ஒரு கணக்கில் அவ்வளவு இருப்பு இல்லையென்றால் இரண்டு கணக்கிலிருந்து அனுப்புங்கள். அந்த நாளுக்குள் இரண்டும் வந்தால் போதும்.

பணம் வந்த மறுநாளே, ஐந்து பில்களும் முழுமையாகத் தீர்ந்தன என்று ரசீதும், ரூ.2,16,000-க்கு ஜிஎஸ்டி சேராத கிரெடிட் நோட்டும், நீங்கள் பாதுகாப்புக்காகக் கொடுத்து வைத்த தேதியிடாத இரண்டு காசோலைகளும் உங்கள் அலுவலகத்துக்கு வந்து சேரும். நானே கொண்டுவந்து தருகிறேன். 45 நாளுக்கு மேல் தாமதமானதற்குச் சிறுதொழில் சட்டம் தரும் வட்டியையும் கேட்க மாட்டேன்.

28-ஆம் தேதி தாண்டிவிட்டால் இந்தச் சலுகை நிற்காது. ரூ.7,44,000-மும் வட்டியும் பழையபடி நிலுவையில் இருக்கும், நான் சிறுதொழில் வசூல் மன்றத்துக்குப் போக வேண்டியிருக்கும். உங்களைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. என் நிலை என்ன என்று பின்னால் குழப்பம் வரக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். அதுவரை எந்த மனுவும் போட மாட்டேன். சங்கத்திலும் இதைப் பற்றி யாரிடமும் பேசியதில்லை, பேசவும் மாட்டேன்.

உங்கள் ஆடிட்டரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். சிறுதொழிலுக்குத் தர வேண்டியதைக் கெடுவுக்குள் கொடுக்காவிட்டால், கொடுக்கும் ஆண்டில்தான் அதை வருமான வரியில் செலவாகக் கழிக்க முடியும். இந்த நிதியாண்டில் கொடுத்தால் உங்களுக்கும் பயன் உண்டு. 180 நாள் தாண்டியதால் திருப்பிக் கட்டிய உள்ளீட்டு வரியில் எவ்வளவு மீண்டும் எடுக்கலாம், தள்ளுபடியான தொகையை எப்படிக் காட்டுவது என்பதையும் அவரே சொல்வார்.

கீழே உள்ள ஒப்புதலில் கையெழுத்திட்டு 15-ஆம் தேதிக்குள் அனுப்புங்கள். மொத்த நிலுவை ரூ.7,44,000 என்று ஒப்புக்கொள்ளும் வரியும் அதில் இருக்கிறது. அதில் கையெழுத்திட்டால், வழக்குத் தொடர எனக்குள்ள மூன்று ஆண்டுக் காலவரம்பு அன்று முதல் புதிதாகத் தொடங்கும். அதை மறைத்துக் கையெழுத்து வாங்க எனக்கு மனமில்லை. பணம் வந்துவிட்டால் அந்த வரிக்கு வேலையே இல்லை.

புது ஆர்டருக்குப் பெட்டி வேண்டுமென்றால் கணக்குத் தீர்ந்த பிறகு சொல்லுங்கள். பாதி முன்பணம், மீதி 30 நாளில் என்று எடுத்துக்கொள்ளலாம். ஏதாவது ஒரு வரி சரியில்லை என்று தோன்றினால் கூப்பிடுங்கள், நேரில் வருகிறேன்.

தங்கள் தம்பி,
உரிமையாளர்,
அட்டைப்பெட்டித் தொழிற்கூடம்

ஒப்புதல்

2023 ஆகஸ்ட் முதல் 2024 ஜனவரி வரையிலான ஐந்து பில்களில் இன்றைய நிலுவை ரூ.7,44,000 என்பதை ஒப்புக்கொள்கிறோம். 28.11.2025-க்குள் ரூ.5,28,000-ஐ ஒரே நேரத்தில் செலுத்தி, அதை முழுத் தீர்வாக ஏற்கச் சம்மதிக்கிறோம். பணம் சேர்ந்த பின் இந்த ஐந்து பில்களைப் பற்றி இரு தரப்பும் மற்றவரிடம் எந்த உரிமையும் கோராது. ஈரமான பெட்டிகளும் இதில் அடங்கும்.

நிர்வாகப் பங்குதாரர் கையெழுத்தும் நிறுவன முத்திரையும்