சளிக்கு எதற்கு அசித்ரோமைசின்?
மருந்து எதிர்ப்பும் ஆன்டிபயாட்டிக்கைச் சரியாகப் பயன்படுத்துவதும்

பி.ஃபார்ம் இறுதியாண்டு கருத்தரங்கு, காரைக்குடி. பேச 20 நிமிடம், கேள்விக்கு 10 நிமிடம்.

ஸ்லைடு 1: ஆச்சியின் பிஸ்கட் டப்பா (3 நிமிடம்)
படம் மட்டும். எங்கள் ஆச்சி மிச்ச மாத்திரைகளைச் சேர்த்து வைக்கும் டப்பா. நான்கு அமாக்ஸிசிலின், ஒரு துண்டு அசித்ரோமைசின் ஸ்ட்ரிப். காலாவதித் தேதி இருந்த ஓரத்தைக் கடையிலேயே வெட்டிவிட்டார்கள். அக்கம்பக்கத்தில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் இதிலிருந்துதான் மாத்திரை போகும். "உங்கள் வீட்டில் இப்படி டப்பா இல்லாதவர்கள் கை தூக்குங்கள்" என்று கேட்டுவிட்டுக் கொஞ்சம் காத்திருக்க வேண்டும்.

ஸ்லைடு 2: எவ்வளவு பெரிய சிக்கல் (1 நிமிடம்)
2019-இல் மருந்து எதிர்ப்பே நேரடிக் காரணமாக உலகில் சுமார் 12.7 லட்சம் பேர் இறந்ததாக மதிப்பீடு. 1945 நோபல் உரையிலேயே, குறைந்த அளவு பென்சிலின் கிருமியைப் பழக்கிவிடும் என்று ஃபிளெமிங் எச்சரித்துவிட்டார். வேறு எண்கள் வேண்டாம், தூங்கிவிடுவார்கள்.

ஸ்லைடு 3: கிருமி எப்படித் தப்பிக்கிறது (6 நிமிடம்)
கரும்பலகையில் வரைவது நல்லது.
மருந்தை வெட்டும் நொதி: பீட்டா லாக்டமேஸ்.
உள்ளே வந்ததை வெளியே தள்ளும் பம்ப்.
மருந்து ஒட்டும் இடத்தையே மாற்றுவது: எம்.ஆர்.எஸ்.ஏ.வில் பி.பி.பி.2ஏ.
அப்புறம் பிளாஸ்மிட். இதில்தான் நேரம் செலவிட வேண்டும். ஓர் இனத்திலிருந்து வேறோர் இனத்துக்கே எதிர்ப்பு மரபணு கைமாறுகிறது. என்.டி.எம்.-1 உதாரணம், அதன் பெயரில் டெல்லி வந்த சண்டையைத் தொட்டால் நேரம் போய்விடும்.
'உடம்புக்கு மருந்து பழகிவிட்டது' என்பது தவறு, பழகியது கிருமி. இதை இரண்டு முறை சொல்ல வேண்டும்.

ஸ்லைடு 4: எதை எப்போது (6 நிமிடம்)
சளி, ஃப்ளூ வைரஸால் வருபவை. ஆன்டிபயாட்டிக் வேலை செய்யாது. உலக சுகாதார நிறுவனத்தின் மூன்று பிரிவுகள்: முதலில் கையாள வேண்டியவை (அமாக்ஸிசிலின்), கவனத்தோடு கொடுக்க வேண்டியவை (அசித்ரோமைசின்), கடைசிக் கையிருப்பு (கோலிஸ்டின், லினசோலிட்). கோழித் தீவனத்தில் கோலிஸ்டின் சேர்ப்பதை இந்தியா 2019-இல் தடை செய்ததை இங்கே சொல்லலாம். செட்டிநாட்டில் கோழி என்றால் காது நீளும்.
'கோர்ஸை முடி' என்று பொத்தாம் பொதுவாகச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. சிக்கலற்ற சிறுநீர்த் தொற்றுக்கு நைட்ரோஃபுரன்டாயின் 5 நாள் போதும். டாக்டர் எழுதிய நாள் வரை, நடுவில் நிறுத்தாமல், கூடுதலாக நீட்டாமல்.

ஸ்லைடு 5: கவுன்டரில் நாம் (4 நிமிடம்)
செஃபிக்ஸிம், மெரோபெனம் போன்றவை 2014 முதல் ஷெட்யூல் எச்1-இல் உள்ளன. சீட்டு இல்லாமல் தரக்கூடாது. தனிப் பதிவேட்டில் டாக்டர், நோயாளி, மருந்து, அளவு எழுதி 3 ஆண்டு வைக்க வேண்டும். நான் பயிற்சிக்குப் போன ஒரு கடையில் அந்த நோட்டு புத்தம்புதுசாக இருந்தது.

கேள்வி நேரத்துக்கு
பிள்ளையார்பட்டி சதுர்த்திக் கூட்டம், ஞாயிறு இரவு, கிளினிக் எல்லாம் மூடியாயிற்று. நீர்க்கடுப்பு, லேசான காய்ச்சலோடு ஒருவர் சீட்டில்லாமல் வந்து, "போன தடவை கொடுத்ததையே கொடு தம்பி" என்கிறார். நீங்கள் என்ன சொல்வீர்கள்? இரண்டு பேர் முன்னால் வந்து நடித்துக் காட்டுங்கள்.