கேட்டால் புரியும், பேசத்தான் வராதா? மதுரையிலிருந்து ஆன்லைன் பேச்சுத் தமிழ் வகுப்பு, ஆகஸ்ட் 1 முதல்

வீடியோ காலில் அப்பத்தா பேசுவது முழுக்கப் புரிகிறது. பதில் சொல்லும்போது மட்டும் வாய் இங்கிலீஷுக்குப் போய்விடுகிறது. இன்னொருவர் மதுரைக் குடும்பத்தில் கல்யாணம் செய்துகொண்டவர். கூடத்தில் எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கும்போது எதற்கென்று தெரியாமல் கூடவே சிரிக்கிறார். இந்த இரண்டு பேருக்காகவும்தான் இந்த வகுப்பு.

வெளிநாட்டில் இருக்கும் 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, மதுரையிலிருந்து ஜூம் வழியாக நடத்துகிறோம். அடுத்த பேட்ச் 2026 ஆகஸ்ட் 1, சனிக்கிழமை தொடங்குகிறது. 12 வாரம், வாரத்துக்கு 2 வகுப்பு, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம்.

சேருகிறவர்களில் பலருக்குத் தமிழ் வாசிக்க வராது. அவர்களை எங்களிடம் அனுப்பி வைப்பது நீங்கள்தான்: அத்தை, சித்தப்பா, கூட வேலை பார்க்கும் நண்பர், வீட்டுக்காரர். அதனால்தான் இதைத் தமிழிலேயே எழுதுகிறோம். வாசித்துச் சொல்லுங்கள். இங்கிலீஷில் விவரம் வேண்டும் என்பவர்களுக்கு அடுத்த படத்தில் இருக்கிறது.

🔸 என்ன தமிழ் சொல்லித்தருகிறோம்?

வீட்டிலும் கடையிலும் பேசுகிற தமிழ். "நான் கடைக்குச் சென்றுகொண்டிருக்கிறேன்" என்று புத்தகத்தில் படித்தவர்கள் நிறைய வருகிறார்கள். எழுத்துக்கு அது சரியான வாக்கியம், அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் மதுரைக் கடைத்தெருவில் நின்று அப்படிப் பேசினால், கடைக்காரர் உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு இங்கிலீஷுக்கு மாறிவிடுவார். அதோடு உங்கள் பயிற்சி முடிந்தது. எங்கள் வகுப்பில் முதல் நாளிலிருந்தே "கடைக்குப் போய்க்கிட்டிருக்கேன்", "இந்தா வந்துர்றேன்", "இப்பத்தான் சாப்ட்டேன்", "போதும்த்தை, வேணாம்" என்றுதான் பேச்சு நடக்கும்.

எழுத்து தெரிந்திருக்க வேண்டியதில்லை. பாடக் குறிப்புகளைத் தமிழ் எழுத்திலும் இங்கிலீஷ் எழுத்திலும் தருகிறோம். வாசிக்கக் கற்றுக்கொள்ள ஆசை இருந்தால் அப்புறம் சொல்லித்தருகிறோம். முதல் 12 வாரமும் காதுக்கும் வாய்க்கும் மட்டும்தான்.

காதுக்கு ஏன் இவ்வளவு இடம் என்று கேட்பீர்கள். ஆசிரியர் நிறுத்தி நிதானமாகப் பேசும் தமிழ் யாருக்கும் புரிந்துவிடும். ஊரில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. அதனால் டவுன் பஸ், டீக்கடை, கோயில் வாசல் என்று வெவ்வேறு இடங்களில், பேசுகிறவர்களிடம் கேட்டுக்கொண்டு சின்னச் சின்னதாகப் பதிவு செய்து வைத்திருக்கிறோம். மீனாட்சி அம்மன் கோயில் பக்கம் பூ விற்கும் ஒரு அக்காவிடம் எடுத்தது இது:

"பூ என்ன வெலக்கா?"
"மொழம் நாப்பது."
"ரெண்டு மொழம் குடுங்க. நெருக்கமாக் கட்டுனதாப் பாத்துக் குடுங்கக்கா."
"எல்லாம் நெருக்கமாத்தேன் இருக்கு. இங்கிட்டு வந்து பாருங்க."

மொத்தம் நாலே வரிதான். முதல் தடவை கேட்கும்போது முழம் எங்கே முடிகிறது, நாற்பது எங்கே தொடங்குகிறது என்றே பலருக்குப் பிடிபடாது. "இருக்கிறது" என்று படித்த காதுக்கு "இருக்கு" நழுவிப் போகும். "அங்கிட்டு", "இங்கிட்டு" இரண்டும் புதிதாக இருக்கும். இந்த நாலு வரியை ஒரு மணி நேரம் கேட்டு, திருப்பிச் சொல்லி, ஆள் மாற்றி ஆள் பூக்காரராகவும் வாங்குகிறவராகவும் பேசுவோம். வகுப்பு முடிவதற்குள் பேரமும் வந்துவிடும். பனிக்காலத்தில் வரத்துக் குறைந்து மல்லிகை விலை ஏறும்போது "என்னக்கா இப்படிச் சொல்றீங்க, பாத்துப் போட்டுக் குடுங்க" என்று கேட்கத் தெரியாவிட்டால் எப்படி?

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். நாங்கள் சொல்லித்தருவது மதுரைப் பக்கத்துப் பேச்சு. உங்கள் குடும்பம் யாழ்ப்பாணம் என்றால் அங்கே "பேசுவது" இல்லை, "கதைப்பது". கோயம்புத்தூர்ப் பக்கம் என்றால் "ஏனுங்க" இல்லாமல் வாக்கியம் தொடங்காது. எங்களிடம் படித்தால் அவர்களிடமும் தாராளமாகப் பேசலாம், ஆனால் அவர்கள் பேச்சு அப்படியே உங்களுக்கு வந்துவிடாது. அது வேண்டுமென்றால் அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் படிப்பதுதான் நல்லது.

🔸 வகுப்பு நேரம்

அமெரிக்கா, கனடா: இந்திய நேரம் சனி, ஞாயிறு காலை 7:00. உங்களுக்கு அது வெள்ளி, சனி இரவு. நியூயார்க், டொராண்டோ 9:30, சிகாகோ, டல்லாஸ் 8:30, சான் பிரான்சிஸ்கோ 6:30. கவனியுங்கள், உங்கள் முதல் வகுப்பு ஜூலை 31, வெள்ளிக்கிழமை இரவு.

ஐரோப்பா, வளைகுடா: இந்திய நேரம் சனி, ஞாயிறு மதியம் 2:30. லண்டன் காலை 10:00, பாரிஸ், பெர்லின் காலை 11:00, துபாய் மதியம் 1:00.

சிங்கப்பூர், மலேசியா, ஆஸ்திரேலியா: இந்திய நேரம் செவ்வாய், வியாழன் மாலை 4:30. சிங்கப்பூர், கோலாலம்பூர் இரவு 7:00, சிட்னி, மெல்போர்ன் இரவு 9:00. இந்தக் குழு ஆகஸ்ட் 4 அன்று தொடங்கும்.

இந்தியாவில் கடிகாரத்தை மாற்றுவதில்லை. ஆனால் சிட்னியிலும் மெல்போர்னிலும் அக்டோபர் 4 அன்று ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைப்பார்கள். அதனால் அங்கிருப்பவர்களுக்குக் கடைசி மூன்று வாரம் வகுப்பு இரவு 10:00 மணிக்கு. அது சரிப்படாது என்றால் சேரும்போதே சொல்லுங்கள், வார இறுதி மதியக் குழுவில் இடம் பார்க்கிறோம். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கடிகாரம் மாறுவதற்குள் இந்த பேட்ச் முடிந்துவிடும்.

🔸 நிலை பார்ப்பது

நாங்கள் மூன்று பேர் பாடம் எடுக்கிறோம். ஒவ்வொரு நேரத்திலும் மூன்று நிலைக்கும் தனித்தனிக் குழு உண்டு.

நிலை 1: தமிழ் புதிது, அல்லது "வணக்கம்", "போதும்", "தண்ணி" அளவுக்குத் தெரியும்.
நிலை 2: கேட்டால் புரியும், பேச வராது. எங்களிடம் வருகிறவர்களில் அதிகம் பேர் இவர்கள்தான்.
நிலை 3: அப்பா அம்மாவிடம் பேச வரும், வெளி மனிதர்களிடம் தடுமாறும். மரியாதை விகுதி, துக்கம் விசாரிப்பது, விருந்துக்கு அழைப்பது, வீட்டுக்கு வந்த எலக்ட்ரீஷியனிடம் வேலையை விளக்கிச் சொல்வது, இதெல்லாம் இங்கே.

எந்த நிலை என்று தோராயமாகத் தெரிந்துகொள்ள, நீங்களே வீட்டில் பார்க்கலாம். கீழே உள்ள ஐந்தையும் நீங்கள் எப்போதும் பேசுகிற வேகத்தில் கேளுங்கள். கையைக் காட்டாதீர்கள், இங்கிலீஷில் திருப்பிச் சொல்லாதீர்கள்.

1. "சாப்ட்டாச்சா?"
2. "நேத்து சாயங்காலம் வீட்டுக்கு யாரு வந்தாங்க?"
3. "வர்றப்ப அப்படியே அந்தக் கதவைச் சாத்திட்டு, என் கண்ணாடியை எடுத்துட்டு வாங்க."
4. "நாளைக்கு மழை பேஞ்சா என்ன பண்ணுவீங்க?"
5. "உங்க பெரியப்பாவுக்கு ஒடம்பு முடியலைன்னாங்களே, இப்ப எப்படி இருக்காரு?"

முதல் இரண்டிலேயே முழித்தால் நிலை 1. மூன்றாவதைக் கேட்டதும் எழுந்து போய்க் கதவைச் சாத்திக் கண்ணாடியையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, நாலாவதுக்கு இங்கிலீஷில் பதில் சொன்னால் நிலை 2. ஐந்தாவதுக்கு இரண்டு மூன்று வாக்கியமாவது தமிழில் வந்தால் நிலை 3. அந்தப் பதிலில் பெரியப்பாவை "அவன்" என்று சொன்னாலும் பரவாயில்லை. வீட்டில் தம்பி தங்கையோடு மட்டும் தமிழ் பேசி வளர்ந்தவர்களுக்கு அது சகஜம், அதைச் சரிசெய்யத்தான் நிலை 3.

இது வீட்டுக் கணக்குத்தான். சேருவதற்கு முன்னால் நாங்கள் ஒருமுறை நேரடியாகப் பேசிப் பார்ப்போம்: 15 நிமிடம், வாட்ஸ்அப் வீடியோ காலில், தனியாக. ஜூலை 18 முதல் 26 வரை. கட்டணம் இல்லை. முதலில் சும்மா பேசுவோம். அப்புறம் ஒரு பதிவைப் போட்டுக் காட்டி என்ன புரிந்தது என்று கேட்போம், அதை இங்கிலீஷில் சொன்னாலும் சரி. கடைசியில் ஒரு சின்னச் சூழல்: ஊருக்கு வந்திருக்கிறீர்கள், அத்தையும் பக்கத்தில் இருக்கிறார், கோயிலுக்குக் கிளம்ப வேண்டும். "நாங்க கோயிலுக்குப் போறோம்" என்று அத்தையிடம் சொன்னால் அத்தையை விட்டுவிட்டுப் போகிறீர்கள் என்று ஆகிவிடும். "நாம போவோம்" என்று வருகிறதா என்று பார்ப்போம்.

மதிப்பெண் போடுவதில்லை. காது எந்த அளவு, வாய் எந்த அளவு என்று தனித்தனியாகக் குறித்துக்கொண்டு, இரண்டு நாளில் குழுவைச் சொல்லிவிடுவோம். காது நிலை 3, வாய் நிலை 1 என்று இருப்பவர்கள் உண்டு. அவர்களை வாயின் நிலைக்குப் பக்கத்தில்தான் சேர்ப்போம், பேசினால்தானே வரும். தயவுசெய்து இந்த 15 நிமிடத்துக்குப் படித்துவிட்டு வராதீர்கள். மனப்பாடம் செய்து வந்தால் தவறான குழுவில் உட்கார்ந்து முதல் மாதம் கஷ்டப்பட வேண்டியிருக்கும். குழு பொருந்தவில்லை என்றால் முதல் இரண்டு வாரத்துக்குள் மாற்றிக்கொள்ளலாம்.

புருஷன் பொண்டாட்டியாகச் சேருகிறவர்களை ஒரே குழுவில் போடுவதில்லை. ஒருவருக்காக இன்னொருவர் பதில் சொல்லிவிடுகிறார்.

🔸 கட்டணம்

24 வகுப்புக்கும் சேர்த்து ₹14,400. இரண்டு தவணையாகக் கட்டலாம். ஒரு குழுவில் 8 பேருக்கு மேல் சேர்ப்பதில்லை, 4 பேருக்குக் குறைந்தால் அந்தக் குழு நடக்காது, பணம் முழுவதும் திரும்ப வரும். முதல் இரண்டு வகுப்புக்குப் பிறகு வேண்டாம் என்று தோன்றினாலும் மீதிப் பணத்தைத் திருப்பிவிடுவோம். வகுப்பைத் தவறவிட்டவர்களுக்கு ஒரு வாரத்துக்குப் பதிவு கிடைக்கும். ஆனால் பதிவைப் பார்ப்பது பேசுவதாகாது, முடிந்தவரை நேரத்துக்கு வந்துவிடுங்கள்.

🔸 எப்படிச் சேருவது?

இந்தப் பக்கத்துக்கு "நிலை" என்று மெசேஜ் அனுப்புங்கள். கூடவே மூன்று விவரம்: யாருக்கு வகுப்பு, எந்த ஊரில் இருக்கிறார், வீட்டில் யாரோடு தமிழ் பேச ஆசைப்படுகிறார். மூன்றாவதை விட்டுவிடாதீர்கள். மாமியாரிடம் பேச வேண்டும் என்பவருக்கும் மதுரையில் வேலைக்கு வரப்போகிறவருக்கும் ஒரே பாடத்தை வெவ்வேறு ஆட்களை வைத்துத்தான் நடத்துவோம்.

நிலை பார்க்க நேரம் கேட்டு மெசேஜ் அனுப்ப ஜூலை 24 கடைசி. லண்டன் நேரக் குழுக்கள் சீக்கிரம் நிரம்பிவிடும், அங்கிருப்பவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

#பேச்சுத்தமிழ் #மதுரை #ஆன்லைன்தமிழ்வகுப்பு #வெளிநாட்டுத்தமிழர்