கட்டுரை யோசனை: ஒகேனக்கல் தண்ணீர் எந்த ஊருக்கு எப்போது வந்தது என்பதைப் பிள்ளைகளின் பல்லைப் பார்த்துச் சொல்லலாம்

வணக்கம் சார்,

என் பெயர் செந்தில்குமார். பாலக்கோடு பக்கம் ஒரு கிராமம், இப்போது தருமபுரியில் இருந்துகொண்டு பத்திரிகைகளுக்கு எழுதுகிறேன். உங்கள் இதழுக்கு இதுவரை எழுதியதில்லை. ஒரே ஒரு யோசனை இருக்கிறது, அதை நேராகவே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் மாவட்டத்தில் ஒரே வீட்டில் அண்ணனுக்குப் பல் காவி படிந்திருக்கும், தங்கைக்கு வெள்ளையாக இருக்கும். இரண்டு பேரும் ஒரே சோறு, ஒரே பேஸ்ட், ஒரே பள்ளிக்கூடம். அண்ணன் பால்குடிக் குழந்தையாக இருந்தபோது வீட்டில் குடித்தது போர் தண்ணீர், தங்கை பிறக்கும்போது தெருக்குழாயில் ஒகேனக்கல் தண்ணீர் வந்துவிட்டது. வித்தியாசம் அவ்வளவுதான். நான் எழுத நினைப்பது இந்த அண்ணன் தங்கைகளைப் பற்றி. அதோடு இன்னொரு வகை வீடும் இருக்கிறது, தண்ணீர் வந்துவிட்டதாகக் கணக்கில் இருந்தும் தங்கைக்கும் பல் காவியாகவே இருக்கும் வீடு. கட்டுரையின் உயிர் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

கொஞ்சம் பின்னணி சொல்கிறேன், உங்களுக்குத் தெரிந்ததாக இருந்தால் தாண்டிவிடுங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் தரைக்கடியில் எல்லாம் கடினப்பாறை, அதில் உள்ள தாதுக்களிலிருந்து ஃபுளோரைடு தண்ணீரில் கரைகிறது. மழை குறைவு, கிணறு வற்ற வற்றப் போரை ஆழமாகப் போட்டோம், பாறையோடு அதிக காலம் கிடந்த தண்ணீர்தான் அங்கே கிடைக்கும். குடிநீரில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லையென்றால் ஒன்றரை என்பது இந்தியத் தரநிலை. அதைத் தாண்டும் போர்கள் எங்கள் பக்கம் நிறைய. காய்ச்சினால் சரியாகிவிடும் என்று இன்னும் பலர் நம்புகிறார்கள், ஆனால் காய்ச்சினால் தண்ணீர்தான் ஆவியாகும், ஃபுளோரைடு அப்படியே தங்கி இன்னும் அடர்த்தியாகும். கூடுதல் ஃபுளோரைடால் பல்லிலும் எலும்பிலும் வரும் இந்த நோய் புதிதும் இல்லை. 1937-லேயே அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியில் இதைக் கண்டு மருத்துவ இதழில் எழுதிவிட்டார்கள்.

இதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2008 பிப்ரவரியில் கலைஞர் அடிக்கல் நாட்டினார், கர்நாடகத்தில் எதிர்ப்பு கிளம்பி ஏப்ரலில் கொஞ்ச காலம் நிறுத்திவைத்தார்கள், பிறகு ஜப்பான் கடனுதவியோடு 1,928 கோடி ரூபாயில் கட்டி, 2013 மே மாதம் ஜெயலலிதா தொடங்கிவைத்தார். காவிரித் தண்ணீரைச் சுத்திகரித்து, மேட்டுக்கு ஏற்றி, இரண்டு மாவட்டங்களுக்கும் குழாயில் விடுகிறார்கள். இந்த அரசியல் கதையை எல்லோரும் எழுதிவிட்டார்கள், நான் அதற்குள் போகப்போவதில்லை.

எனக்கு முக்கியமாகப் படுவது பல் உருவாகும் காலம். முன்பல்லின் எனாமல், ஈறுக்குள்ளேயே, குழந்தை பிறந்த சில மாதங்களில் தொடங்கி நாலைந்து வயதுக்குள் உருவாகி முடிகிறது. அந்த வயதில் குடித்த தண்ணீரில் ஃபுளோரைடு கூடுதலாக இருந்தால் எனாமல் சரியாகக் கட்டாது. ஆறு, ஏழு வயதில் பால்பல் விழுந்து புதுப்பல் முளைக்கும்போது சுண்ணாம்பு பூசியது போலத் திட்டாக வரும், போகப்போக மஞ்சளாகி, காவியாகி, மோசமாக இருந்தால் குழி விழும். அந்த வயதைத் தாண்டியபின் எவ்வளவு போர் தண்ணீர் குடித்தாலும் முன்பல்லில் புதிதாகக் கறை வராது. அதே போல் வந்த கறையை எந்த நல்ல தண்ணீராலும் போக்க முடியாது. அதாவது ஒரு பிள்ளையின் முன்பல், அது கைக்குழந்தையாக இருந்த வருடங்களில் அந்தத் தெருவில் எந்தத் தண்ணீர் ஓடியது என்பதற்கான பதிவேடு. யாரும் திருத்த முடியாத பதிவேடு.

2013-க்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் இப்போது ஆறாம் வகுப்பு, ஏழாம் வகுப்புக்கு வந்துவிட்டார்கள், முன்பல் முளைத்து முடிந்துவிட்டது. திட்டம் உண்மையில் வேலை செய்ததா என்று பல்லைப் பார்த்தே சொல்லக்கூடிய முதல் தலைமுறை இவர்கள்தான். அதனால்தான் இந்தக் கட்டுரையை ஐந்து வருடம் முன்னால் எழுதியிருக்க முடியாது என்கிறேன்.

ஏன் சில ஊர்களில் வேலை செய்யவில்லை என்பதற்கு ஒரு மேல்நிலைத் தொட்டியின் அடியில் போய் நின்றால் போதும். பென்னாகரம் சாலையில் ஒரு ஊரில் பார்த்தேன். தொட்டிக்குப் போகும் குழாயில் இரண்டு வால்வு, ஒன்று ஒகேனக்கல் லைன், இன்னொன்று ஊர் போர். இரண்டும் மேலே போய் ஒரே தொட்டியில்தான் விழுகிறது. ஒகேனக்கல் தண்ணீரை ஏற்றும் இடத்தில் மின்சாரம் போனாலோ, எங்காவது குழாய் உடைந்தாலோ, கோடையில் தண்ணீர் குறைந்தாலோ தொட்டி ஆபரேட்டர் போர் மோட்டாரைப் போட்டுவிடுவார். அவரைக் குறை சொல்லவும் முடியாது, காலையில் ஆறு மணிக்குத் தண்ணீர் விடவில்லையென்றால் தெருவே அவர் வீட்டு வாசலில் நிற்கும். "ரெண்டும் தண்ணிதானே சார், குடம் ரொம்புனா போதும்னுதான் ஜனம் பாக்குது" என்றார். ஆனால் பெண்களுக்கு வித்தியாசம் தெரிகிறது. குடத்தில் பிடித்ததும் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, இன்னைக்கு போர் கலந்திருக்கு, பருப்பு வேகாது என்று சொல்லிவிடுகிறார்கள். அவர்கள் சொல்வது உப்பையும் கடினத்தன்மையையும்தான். ஃபுளோரைடுக்கு ருசி கிடையாது, அது கலந்திருப்பது நாக்குக்குத் தெரியாது. அந்த ஊரில் இன்றைக்குத் தொட்டிலில் கிடக்கும் குழந்தையின் பல் எப்படி முளைக்கும் என்பதை அந்த இரண்டு வால்வுகள்தான் முடிவு செய்கின்றன.

எனவே என் திட்டம் இது. மூன்று ஊர்: ஒகேனக்கல் தண்ணீர் தொடக்கத்திலிருந்தே ஒழுங்காக வரும் ஒன்று, கலந்து வரும் ஒன்று, வரிசையின் கடைசியில் கிடக்கும் ஒன்று. ஒவ்வொன்றிலும் சில குடும்பங்கள், மூத்த பிள்ளையும் இளைய பிள்ளையும் இருக்கும் வீடுகளாக. பிள்ளை பிறந்த வருடத்தையும் அப்போது என்ன தண்ணீர் குடித்தீர்கள் என்பதையும் அம்மாக்களிடம் கேட்டு எழுதிக்கொள்வேன். குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் கட்டணம் கட்டினால் யார் வேண்டுமானாலும் தண்ணீரைப் பரிசோதிக்கலாம், மூன்று ஊர்த் தண்ணீரையும் கொடுத்து, வரும் முடிவை அப்படியே போடலாம். பல்லைப் பார்த்து இது ஃபுளோரைடு கறைதான் என்று சொல்லும் வேலையை நான் செய்ய மாட்டேன், அதற்கு உடன் வரப் பல் மருத்துவர் ஒருவர் சம்மதித்திருக்கிறார். கறையைத் தரம் பிரிக்க டீன் அளவுகோல் என்று பழைய முறை ஒன்று இருக்கிறது, அதைத்தான் பயன்படுத்துவார். வாரிய அதிகாரிகளின் பதிலும் கண்டிப்பாக இருக்கும். இது ஆய்வு இல்லை, சில வீடுகளை வைத்து மாவட்டத்துக்கே தீர்ப்பு எழுத முடியாது, அதைக் கட்டுரையிலேயே சொல்லிவிடுவேன். ஒருவேளை கலந்து வரும் ஊரிலும் பிள்ளைகளின் பல் சுத்தமாக இருந்தால் அதையும் எழுதுவேன், அதுவும் நல்ல செய்திதானே.

நீங்கள் கேட்கக்கூடிய ஒரு கேள்வி: தருமபுரி ஃபுளோரைடு பழைய கதை ஆயிற்றே? ஆமாம், பழையதுதான். ஆனால் இதுவரை வந்தவற்றில் பெரும்பாலும் கால் வளைந்த பெரியவர் ஒருவரின் படம், கூடவே ஒரு அதிகாரியின் வாக்குறுதி, முடிந்தது. எலும்பைத் தாக்கும் ஃபுளோரோசிஸ் கொடுமையானது, அதை மறுக்கவில்லை, ஆனால் அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்து வாசகருக்கு மரத்துப்போய்விட்டது. பல் விஷயம் வேறு. உயிருக்கு ஆபத்தில்லை என்பதால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் பெங்களூருக்கு வேலைக்குப் போன பையனிடம், அவன் வாயைத் திறந்ததுமே "தருமபுரியா?" என்று கேட்கிறார்கள். கல்யாண ஆல்பத்தில் பெண் உதட்டை மூடிக்கொண்டே சிரித்திருக்கும். சாம்பல், உப்பு, எலுமிச்சம்பழம் எல்லாம் போட்டுத் தேய்த்து ஈறு புண்ணானதுதான் மிச்சம் என்று சொல்பவர்களை எனக்கே தெரியும். எனக்கும் அந்தப் பல்தான் சார், அதனால் இங்கே யாரும் என் முன்னால் வாயை மூடிக்கொண்டு பேசுவதில்லை. வெளியூரிலிருந்து வரும் நிருபருக்கு இது கிடைக்காது.

பிள்ளைகளின் முகத்தைப் படத்தில் போட வேண்டாம் என்பது என் ஒரே நிபந்தனை. வாய் மட்டும், அதுவும் பெற்றோரும் பிள்ளையும் சம்மதித்தால். ஊர்ப் பெயர்களைப் போடலாம், குடும்பப் பெயர்கள் வேண்டாம், பின்னால் பெண் பார்க்க வருகிறவர்கள் படித்துவிட்டு ஏதாவது சொல்வார்கள். நானே படம் எடுப்பேன், இல்லை உங்கள் புகைப்படக்காரரை அனுப்பினாலும் சரி. தொட்டியின் அடியில் அந்த இரண்டு வால்வையும் எடுத்தால் தொடக்கப் பக்கத்துக்குச் சரியாக இருக்கும் என்று தோன்றுகிறது.

அளவு 2,500 சொல் வரை என்று நினைத்திருக்கிறேன், உங்கள் பக்கக் கணக்குக்கு ஏற்பக் குறைத்துக்கொள்ளலாம். நீங்கள் சரி என்று சொன்னதிலிருந்து ஐந்து வாரம் வேண்டும். ஊர் ஊராகப் போக எனக்கு வண்டி இருக்கிறது, பெட்ரோல் என் செலவு. தண்ணீர் பரிசோதனைக் கட்டணத்தை மட்டும் இதழ் ஏற்றுக்கொண்டால் நன்றாக இருக்கும். சன்மானம் உங்கள் வழக்கமான விகிதமே போதும், அது எவ்வளவு, கட்டுரை வந்து எத்தனை நாளில் கிடைக்கும் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வேறொரு இதழில் எழுதிய கட்டுரைக்குப் பணம் வாங்க ஒரு வருடம் அலைந்தேன், அதனால்தான் வெட்கப்படாமல் கேட்கிறேன்.

என் எழுத்து எப்படி இருக்கும் என்று பார்க்க இரண்டு கட்டுரைகளை இணைத்திருக்கிறேன், ஒன்று கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகள் பற்றி, இன்னொன்று பாலக்கோடு தக்காளி மண்டியின் இரவு வேலை பற்றி. தக்காளிக் கட்டுரையை முதலில் படியுங்கள், அதுதான் கொஞ்சம் உருப்படியாக வந்தது.

இந்த யோசனையை வேறு யாருக்கும் அனுப்பவில்லை, இரண்டு வாரம் உங்கள் பதிலுக்காகக் காத்திருப்பேன். அதற்குள் பதில் வரவில்லையென்றால் வேறு இதழில் கேட்டுக்கொள்கிறேன், தவறாக நினைக்க வேண்டாம். வேண்டாம் என்றால் "வேண்டாம்" என்று ஒரு வார்த்தை போட்டாலும் போதும். பேச வேண்டுமென்றால் மாலை ஆறு மணிக்கு மேல் கூப்பிடுங்கள், பகலில் ஊர்ப்பக்கம் இருந்தால் சில இடங்களில் சிக்னல் கிடைக்காது.

நன்றி சார்,
செந்தில்குமார்
தருமபுரி